நகைக்கடை அறிவிப்பு: ஒரே நாளில் விலை இருமுறை மாறியது சரியா?

அல்லித்தெரு | நவம்பர் 11, இரவு 8:05

எங்கள் ஊர்க் கடைவீதியில் ஒரு சின்ன நகைக்கடை. இன்று சாயங்காலம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அப்படியே எழுதுகிறேன். கடை அடையாளம் தெரிய வேண்டாம் என்று விலைகளை மட்டும் முழு எண்ணாக்கி மாற்றியிருக்கிறேன். இடையிலுள்ள வித்தியாசம் நிஜம்.

"வாடிக்கையாளர் கவனத்துக்கு. இன்று காலை 9.40க்கு 22 காரட் ஆபரணத் தங்கம் கிராம் ரூ.11,400. மதியம் 12.45க்கு ரூ.11,480. மாலை 4.10க்கு ரூ.11,340. உலகச் சந்தை நிலவரமும் டாலர் மதிப்பும் மாறியதே காரணம். விலையை நாங்கள் தீர்மானிப்பதில்லை. பில் போட்ட நேரத்து விலையே செல்லும். – நிர்வாகம்"

அக்கா மதியம் ஒரு மணி வாக்கில் அங்கே மூணு சவரனில் சங்கிலி எடுத்தாள். மூணு மணி நேரத்தில் கிராமுக்கு 140 ரூபாய் இறங்கிவிட்டது. காலையில் ஒரு விலை போட்டால் ராத்திரி வரை அதுதானே இருக்க வேண்டும்? ஏற்றும்போது மட்டும் அவசரமாக ஏற்றி, ஆள் வாங்கிப் போனதும் இறக்குகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

நாணயம்79 | நவம்பர் 11, இரவு 8:31

இதில் ஒன்றும் மர்மம் இல்லை. லண்டனில் தங்கத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை விலை நிர்ணயம் செய்கிறார்கள், காலையில் ஒன்று, மதியம் ஒன்று. அதைப் பார்த்துத்தான் நம் ஊரிலும் இரண்டு தடவை மாற்றுகிறார்கள். உலகம் முழுக்க இப்படித்தான்.

பட்டறைவாசல் | நவம்பர் 11, இரவு 9:20

லண்டனில் இரண்டு ஏலம் நடப்பது சரி. நேரத்தைப் பொருத்திப் பாருங்கள். அங்கே முதல் ஏலம் காலை 10:30, இரண்டாவது மாலை 3:00. இப்போது அங்கே குளிர்கால நேரம், நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். ஆகவே முதல் ஏலம் நமக்கு மாலை 4 மணி, இரண்டாவது இரவு 8:30. கோடைக் காலத்தில் ஒரு மணி நேரம் முன்னால் வரும். அந்தக் கடையில் மதியம் 12:45க்கு விலை மாறியபோது லண்டன் ஆள்கள் மேசைக்கே வந்திருக்க மாட்டார்கள். நம் ஊரில் நாளுக்கு இரண்டு தடவை மாறுவதும் அங்கே இரண்டு ஏலம் நடப்பதும் தற்செயலான ஒற்றுமை.

நடப்பது இதுதான். சென்னையில் நகை வியாபாரிகள் சங்கம் காலை ஒன்பதரை வாக்கில் ஒரு விலை சொல்லும். இரவு நியூயார்க்கில் தங்கம் எங்கே முடிந்தது, காலையில் ஆசியச் சந்தை எப்படி இருக்கிறது, ஒன்பது மணிக்குத் திறந்த ரூபாய் எங்கே நிற்கிறது, இதெல்லாம் சேர்ந்த ஒரு நொடியின் விலை அது. மற்ற ஊர்க் கடைகள் பெரும்பாலும் அதையே எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் சந்தை நகர்ந்துகொண்டேதான் இருக்கும். பத்து இருபது ரூபாய் நகர்ந்தால் கடைக்காரர் கண்டுகொள்ள மாட்டார். அவர் லாபத்துக்குள் அது அடங்கும். அதற்கு மேல் போனால் சங்கமே மூன்றரை நாலு மணிக்கு இன்னொரு விலை சொல்லும். தாங்க முடியாத கடைக்காரர் அதற்கும் காத்திருக்காமல் தானே மாற்றிவிடுவார்.

அரசாங்கம் நிர்ணயித்த விலை என்று தங்கத்துக்கு ஒன்றும் கிடையாது. சங்கம் சொல்வது வழிகாட்டும் விலை. காலை விலைதான் நாள் முழுக்க என்று எந்தச் சட்டமும் இல்லை.

குறுக்குக்கணக்கு | நவம்பர் 11, இரவு 9:48

எனக்கு அந்த அறிவிப்பில் பிடிக்காத வாக்கியம் "விலையை நாங்கள் தீர்மானிப்பதில்லை". மதியம் 12:45க்குச் சங்கம் ஒன்றும் அறிவிக்கவில்லை என்றால், அந்த 80 ரூபாயை ஏற்றியது யார்? கடைக்காரர்தான். காரணம் வெளியே இருக்கலாம், முடிவு அவருடையது. அதை அப்படியே எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று. "உலகச் சந்தை நிலவரம்" என்று எழுதினால் யாரும் சரிபார்க்க முடியாது. டாலரில் எவ்வளவு ஏறியது, ரூபாய் எவ்வளவு இறங்கியது என்று எழுதட்டும். வாங்கியவர் அன்றைய வரைபடத்தைத் திறந்து பார்த்துக்கொள்வார்.

பட்டறைவாசல் | நவம்பர் 11, இரவு 10:37

சரிபார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு தடவை கணக்குப் போட்டு வைத்துக்கொண்டால் போதும்.

உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் கணக்கு. இந்த அவுன்ஸ் 31.1035 கிராம். அவுன்ஸ் 4,000 டாலர், டாலர் 88.50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4,000ஐ 31.1035ஆல் வகுத்தால் கிராம் 128.60 டாலர். ரூபாயில் 11,381. அதன்மேல் 6 விழுக்காடு சுங்கம் சேர்த்தால் 12,064. இது 24 காரட். 22 காரட்டுக்கு 0.916ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 11,050. கடைப் பலகையில் இதைவிட ஒன்றிரண்டு விழுக்காடு கூடுதலாகத்தான் இருக்கும். இறக்குமதி செய்பவர், தங்கக் கட்டி விற்கும் கட்டி வியாபாரி, கடைக்காரர் என்று ஒவ்வொருவர் பங்கும் அதில் சேர்ந்திருக்கும். அந்த இடைவெளி ஊருக்கு ஊர் மாறும். ஆகையால் விலையின் உயரத்தை வைத்து நியாயம் பார்ப்பது கடினம். எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்துப் பார்ப்பது சுலபம்.

இதே நிலையில், அவுன்ஸ் 10 டாலர் நகர்ந்தால் 22 காரட் கிராமுக்கு 28 ரூபாய் போல நகரும், சவரனுக்கு 220. ரூபாய் 10 காசு நகர்ந்தால் கிராமுக்கு 12, 13 ரூபாய், சவரனுக்கு 100. இரண்டே எண்கள்தான்.

மதியம் கிராமுக்கு 80 ஏறியிருக்கிறது. ரூபாய் மட்டுமே அதைச் செய்ய வேண்டுமானால் மூணு மணி நேரத்தில் 64 காசு சரிந்திருக்க வேண்டும். அது சாதாரண நாளில் நடக்காது. அவுன்ஸ் 22 டாலர் ஏறி, ரூபாயும் 15 காசு இறங்கியிருந்தால் 80 வந்துவிடும். மாலையில் 140 இறங்க அவுன்ஸ் 50 டாலர் அளவுக்குச் சரிந்திருக்க வேண்டும். அல்லித்தெரு, காலை 9:40, மதியம் 12:45, மாலை 4:10, இந்த மூணு நேரத்திலும் அவுன்ஸ் விலை என்ன, டாலர் எத்தனை ரூபாய் என்று எழுதிப் பாருங்கள். பலகை நகர்ந்ததும் இதுவும் ஐந்து பத்து ரூபாய்க்குள் ஒத்துப்போனால் கடைக்காரர் சந்தையின் பின்னால்தான் போயிருக்கிறார். சந்தை 30 நகர்ந்து பலகை 80 நகர்ந்திருந்தால் போய்க் கேளுங்கள்.

அல்லித்தெரு | நவம்பர் 11, இரவு 11:15

பார்த்தேன். ஏற்றம் ஏறத்தாழ ஒத்துப்போகிறது, கடை நாலு ரூபாய் கூடுதல். இறக்கத்தில் சந்தைக் கணக்குப்படி 150க்கு மேல் வருகிறது, கடை 140 இறக்கியிருக்கிறது. பெரிய தப்பு இல்லை என்றுதான் தோன்றுகிறது.

வளையல்காரி | நவம்பர் 12, காலை 7:10

எனக்கும் போன மாதம் இதே மாதிரி. பழைய வளையல் இரண்டு போட்டுப் புதுசு எடுத்தேன். பழசுக்கு ஒரு விலை, புதுசுக்கு ஒரு விலை போட்டார்கள். கேட்டதற்கு "பழையதுக்கு அப்படித்தான்" என்றார்கள். அதுவும் இந்த இருமுறை விலையில்தான் வருமா?

பட்டறைவாசல் | நவம்பர் 12, காலை 8:25

வளையல்காரி அக்கா, இரண்டு விஷயம் கலந்துவிட்டது. பழைய நகையில் அழுக்கு, பற்ற வைத்த பொடி, கல், மெழுகு எல்லாம் கழித்து, உரசிப் பார்த்தோ மெஷினில் வைத்தோ மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, எவ்வளவு என்று பார்ப்பார்கள். 916 இல்லாமல் 880 என்று வந்தால் அதற்கேற்பக் குறையும். அது எடையிலும் மாற்றிலும் நடக்கும் கழிவு. சில கடைகள் பழைய தங்கத்துக்குக் கிராமுக்குச் சில ரூபாய் குறைத்தும் எடுக்கும். அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

விலை இருமுறை மாறிய நாளில் கவனிக்க வேண்டியது வேறு. காலையில் பழசை எடை போட்டுச் சீட்டு எழுதிவிட்டு, புதுசைத் தேர்ந்தெடுக்க மதியம் ஆகிவிடும். பழசுக்குக் காலை விலை, புதுசுக்கு ஏறிய விலை என்று போட்டால் நடுவில் உள்ள வித்தியாசம் உங்கள் பணத்திலிருந்து போகிறது. மாற்றித் தரும்போது தங்கத்துக்குத் தங்கம், இரண்டு பக்கமும் ஒரே நேரத்து விலை இருக்க வேண்டும். பழசு 16 கிராம், வித்தியாசம் 80 என்றால் 1,280 ரூபாய். பில்லில் பழைய தங்க வரியையும் புதிய தங்க வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணிலேயே தெரியும்.

வளையல்காரி | நவம்பர் 12, காலை 8:52

பில்லை எடுத்துப் பார்த்தேன். பழசு கிராமுக்கு 75 குறைவாக இருக்கிறது. நேரம் ஒன்றுதான் போட்டிருக்கிறது. அது கழிவா, விலை மாற்றமா என்று தெரியவில்லை.

குறுக்குக்கணக்கு | நவம்பர் 12, காலை 9:05

கழிவு எடையில் தனியாக எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தும் விலையிலும் 75 குறைந்திருந்தால் இரண்டு இடத்தில் கழித்திருக்கிறார்கள். அன்றைய காலை, மதிய விலையைக் கண்டுபிடித்து 75 வருகிறதா என்று பாருங்கள்.

பட்டறைவாசல் கணக்கில் ஒரு திருத்தம். சுங்கத்தை ஓடும் விலையின் மேல் போடுவதில்லை. மத்திய மறைமுக வரி வாரியம் தங்கத்துக்கு ஒரு மதிப்பை, 10 கிராமுக்கு இத்தனை டாலர் என்று, வழக்கமாகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறிவிக்கும். தீர்வை அந்த மதிப்பின் மேல்தான். ஆக ஒரு நாளுக்குள் அவுன்ஸ் 10 டாலர் ஏறினால் இறக்குமதியாளர் கட்டும் தீர்வை ஏறாது. கிராமுக்கு 28 அல்ல, 26 என்பதுதான் சரி.

பட்டறைவாசல் | நவம்பர் 12, காலை 9:31

ஏற்கிறேன், 26 என்றே வைத்துக்கொள்ளலாம். சவரனுக்கு 12, 13 ரூபாய்தான் வித்தியாசம். கடைக்காரர் இறக்குமதியாளரைப் பார்த்து விலை போடுவதில்லை, கட்டி வியாபாரி போனில் சொல்வதைத்தான் பார்ப்பார். அந்த வியாபாரி எம்சிஎக்ஸ் என்ற பண்டச் சந்தையின் திரையைப் பார்ப்பார். ஆகையால் 26க்கும் 28க்கும் நடுவில் எங்கே நின்றாலும் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

தீர்வை விகிதமே மாறினால் கதை வேறு. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் 15 விழுக்காடு 6 ஆனது. காலையில் போட்ட விலை மதியத்துக்குள் செல்லாததாகிவிட்டது. 1.15 இருந்த இடத்தில் 1.06 என்றால் கணக்குப்படி 7.8 விழுக்காடு இறக்கம். முழுவதும் அன்றே இறங்கவில்லை, அடுத்தடுத்த நாள்களிலும் தொடர்ந்தது. பழைய தீர்வை கட்டி வாங்கிய சரக்கு கடைகளில் இருந்ததே காரணம்.

டெல்டாகடை | நவம்பர் 12, பிற்பகல் 2:40

நான் கடை வைத்திருப்பவன், சின்னக் கடை. வாங்குகிறவர்களுக்குத் தெரியாத பக்கத்தைச் சொல்கிறேன்.

எங்களுக்கு நகை கொடுக்கும் மொத்த வியாபாரிக்கு நாங்கள் ரூபாய் கடன்படுவதில்லை. தங்கம் கடன்படுகிறோம். 24 கிராம் சங்கிலி 94 டச், அதாவது எடையில் நூற்றுக்கு 94 பங்கு சுத்தத் தங்கம், என்று எடுத்தால் அவருக்கு 22.56 கிராம் சுத்தத் தங்கம் தர வேண்டும். 22 காரட்டுக்கு 91.6 போக மிச்சம் அவர் கூலி. அந்தச் சங்கிலியை ஒரு மணிக்கு 11,480 விலையில் விற்றால், வந்த பணத்தில் 22.56 கிராம் தங்கக் கட்டி வாங்கி அவர் கணக்கை நேர் செய்ய வேண்டும். இதற்கு ரேட் கட் என்று சொல்வோம். கட்டி வியாபாரிக்குப் போன் போட்டால் அந்த நிமிட விலையைச் சொல்வார். "கட்டுங்க" என்றால் முடிந்தது, பிறகு விலை எங்கே போனாலும் மாற்ற முடியாது.

ஆகவே காலை விலையிலேயே மதியமும் விற்றால், நான் 11,400க்கு விற்று 11,480 கணக்கில் வாங்குகிறேன். ஒரு சங்கிலிக்கு இரண்டாயிரம் ரூபாய் போகும். நாலு சங்கிலி விற்றால் அந்த நாளின் வாடகையும் சம்பளமும் போய்விடும். பெரிய கடைக்காரர்களுக்குப் பதினைந்து இருபது கிலோ சரக்கு இருக்கும், சந்தையில் எதிர்ப்பக்கம் விற்றும் வைத்திருப்பார்கள். அவர்களால் சாயங்காலம் வரை பொறுக்க முடியும்.

அல்லித்தெரு, உங்கள் அக்காவின் சங்கிலிக்கு அந்தக் கடைக்காரர் ஒரு மணிக்கே ரேட் கட் செய்திருந்தால், நாலு மணிக்கு இறங்கியதில் அவருக்கு ஒரு காசு லாபம் இல்லை.

குறுக்குக்கணக்கு | நவம்பர் 12, பிற்பகல் 3:02

செய்திருந்தால் என்பதுதான் கேள்வி. 22 கிராமுக்கு எந்தக் கட்டி வியாபாரி அந்த நிமிடமே விலை கட்டுகிறார்? குறைந்தது 50, 100 கிராம் கேட்பார்கள். சின்னக் கடைக்காரர் சாயங்காலம் வரை சேர்த்து வைத்து மொத்தமாகத்தானே கட்டுகிறார்? அப்படியானால் ஒரு மணிக்கு 11,480க்கு விற்றதை 11,340 கணக்கில் வாங்கியிருப்பார். லாபம்தானே?

டெல்டாகடை | நவம்பர் 12, பிற்பகல் 3:25

உண்மை, பல நாள் அப்படித்தான் நடக்கிறது. எங்கள் வியாபாரி 50 கிராமுக்குக் கீழே கட்ட மாட்டார். சேர்த்துக் கட்டும்போது ஒரு நாள் எங்களுக்குச் சாதகம், இன்னொரு நாள் பாதகம். ஏறிய நாளில் வாடிக்கையாளரிடம் போய் "மிச்சம் கொடுங்கள்" என்று கேட்க முடியாது. அதனால்தான் இறங்கிய நாளில் திருப்பித் தருவதில்லை. எம்சிஎக்ஸில் எட்டு கிராம் கினி, ஒரு கிராம் பெட்டல் என்று சின்ன ஒப்பந்தங்கள் உண்டு, ஒவ்வொரு விற்பனைக்கும் அங்கே வாங்கி வைக்கலாம். கல்லாவையும் பார்த்துக்கொண்டு திரையையும் பார்க்க எங்களைப் போன்ற கடையில் ஆள் இல்லை.

அல்லித்தெரு | நவம்பர் 12, மாலை 6:50

ஒரு விஷயம் இன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா சங்கிலியைத் தேர்ந்தெடுத்தது 12:20க்கு. அப்போது ஒரு எஸ்டிமேட் சீட்டு கொடுத்திருக்கிறார்கள், 11,400 போட்டு. கார்டில் முழுத் தொகை போகவில்லை, பக்கத்து பேங்க் போய் வந்தாள். 1:05க்கு பில், 11,480. "விலை மாறிவிட்டது அம்மா" என்றார்களாம். எடை 24 கிராம், சேதாரம் 8 விழுக்காடு.

பட்டறைவாசல் | நவம்பர் 12, இரவு 7:40

இது வேறு வழக்கு. நாலு மணிக்கு இறங்கியதில் உங்கள் பக்கம் கேட்க ஒன்றும் இல்லை. இந்தச் சீட்டு விஷயத்தில் கேட்க இடம் இருக்கிறது. இரண்டையும் எண்ணில் பாருங்கள்.

24 கிராமுடன் 8 விழுக்காடு சேதாரம் சேர்ந்தால் 25.92 கிராம். அக்கா கட்டியது: 25.92 பெருக்கல் 11,480, அதாவது 2,97,561.60. அதன்மேல் ஜிஎஸ்டி 3 விழுக்காடு, மொத்தம் 3,06,488. ஹால்மார்க் கட்டணம் தனி, அது எந்த விலையிலும் மாறாது. சீட்டு விலையில் போட்டிருந்தால் கிராமுக்கு 80 குறைந்து மொத்தம் 2,136 ரூபாய் குறைந்திருக்கும். மாலை விலையில் போட்டிருந்தால் 3,738 ரூபாய். நிறைய பேர் 24ஐ 140ஆல் பெருக்கி 3,360 என்று நிறுத்திவிடுவார்கள். விலை வித்தியாசம் சேதாரத்தின் மேலும் ஏறும், வரியின் மேலும் ஏறும். சேதாரம் கூடுதலான நகையில் இந்த வித்தியாசமும் கூடும்.

சீட்டில் நேரம் போட்டிருக்கிறதா? "இத்தனை மணி வரை செல்லும்" என்றோ "பில் நேர விலையே செல்லும்" என்றோ அச்சிட்டிருக்கிறதா?

அல்லித்தெரு | நவம்பர் 12, இரவு 7:58

நேரம் இருக்கிறது, 12:22. வேறு ஒன்றும் அச்சிடவில்லை. பில் நேர விலை என்ற அறிவிப்புத் தாளைச் சாயங்காலம்தான் ஒட்டினார்கள்.

டெல்டாகடை | நவம்பர் 12, இரவு 8:20

எஸ்டிமேட் என்பது பில் அல்ல. சீட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை, நாலு கடை ஏறி இறங்கி விசாரிப்பார்கள். சீட்டுக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் விலையைப் பூட்டி வைத்தால் கடை நடத்த முடியாது. விலை இறங்கியிருந்தால் உங்கள் அக்கா பழைய சீட்டு விலையைக் கொடுத்திருப்பாரா?

குறுக்குக்கணக்கு | நவம்பர் 12, இரவு 8:34

நியாயமான கேள்வி. ஆனால் அக்கா நாலு கடை ஏறப் போகவில்லை. நகையை எடுத்து வைக்கச் சொல்லி, பணம் எடுக்கப் போனார். கடைக்காரருக்கும் தெரியும். அந்த நேரத்தில் "அரை மணிக்குள் வந்தால் இந்த விலை, இல்லையென்றால் அப்போதைய விலை" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் இந்தச் சண்டையே இல்லை. ஆயிரம் ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டும் பூட்டியிருக்கலாம்.

நாணயம்79 | நவம்பர் 12, இரவு 9:03

முன்பணம் கொடுத்தால் விலை பூட்டிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் கல்யாண நகைக்கு ஒரு லட்சம் கொடுத்துவிட்டு மொத்த நகைக்கும் அன்றைய விலை என்று இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எடுக்கப் போனால் புது விலை.

பட்டறைவாசல் | நவம்பர் 12, இரவு 9:45

ஆமாம், நாணயம் சார் சொன்னது முக்கியம். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ரூ.1,00,000 பெற்றுக்கொண்டோம்" என்று ரூபாய் மட்டும் இருந்தால் எந்த விலையும் பூட்டப்படவில்லை. அது வெறும் வரவு. "கிராம் 11,400 விலையில் 8.772 கிராமுக்கு" என்று எடை எழுதியிருந்தால் அந்த எடைக்கு மட்டும் விலை நின்றது. மிச்ச எடைக்கு எடுக்கும் நாளின் விலை. மொத்த எடைக்கும் பூட்ட வேண்டுமானால் கடைகள் இத்தனை விழுக்காடு கட்டு, இத்தனை நாளுக்குள் எடு என்று நிபந்தனை வைக்கும். அதையும் ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். விலை இருமுறை மாறும் நாளில் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். தேதி மட்டும் போதாது.

ஒரு பிசகு அடிக்கடி நடக்கிறது. பலகையில் விலையை மாற்றிவிடுவார்கள், பில் போடும் கம்ப்யூட்டரில் மாற்ற மறந்துவிடுவார்கள். பலகை 11,340, பில் 11,480. அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை. பில் அச்சானதும் கிராம் விலை வரியைப் பலகையோடு ஒப்பிடுங்கள், பத்து நொடி ஆகாது. பணம் கட்டும் முன் என்றால் அங்கேயே திருத்திவிடுவார்கள். கட்டிய பிறகு என்றால் பில்லை ரத்து செய்து வேறு போட வேண்டும், ஜிஎஸ்டி கணக்கில் ஏறிவிட்டால் கடைக்காரருக்கும் அலைச்சல்.

டெல்டாகடை | நவம்பர் 13, காலை 10:15

ராத்திரி யோசித்துப் பார்த்தேன். சீட்டு விஷயத்தில் குறுக்குக்கணக்கு சொல்வதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். நகையை எடுத்து வைத்துவிட்டுப் பணத்துக்குப் போகிறவருக்கு அரை மணி தரலாம். எங்கள் எஸ்டிமேட் சீட்டில் இன்று முதல் "இந்த விலை 30 நிமிடம் வரை" என்று ரப்பர் ஸ்டாம்ப் போடுகிறோம். அறிவிப்பையும் மாற்றி எழுதினேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

"இன்று 22 காரட் கிராம் விலை: காலை 9.40 – ரூ.____. இரண்டாம் விலை, நேரம் ____ – ரூ.____. மூன்றாம் விலை, நேரம் ____ – ரூ.____. நாங்கள் தங்கக் கட்டி வாங்கும் விலை கிராமுக்கு ரூ.40க்கு மேல் நகர்ந்தால் மட்டுமே பலகை விலையை மாற்றுகிறோம், ஏறினாலும் இறங்கினாலும். எஸ்டிமேட் சீட்டு விலை 30 நிமிடம் செல்லும். பழைய நகை மாற்றும்போது இரு பக்கமும் ஒரே நேரத்து விலை. முன்பண ரசீதில் எடையும் நேரமும் எழுதப்படும். பில் போட்ட பின் விலை ஏறினாலும் இறங்கினாலும் மாற்றம் இல்லை."

குறுக்குக்கணக்கு | நவம்பர் 13, காலை 10:40

"ஏறினாலும் இறங்கினாலும்" என்பதை விடாதீர்கள், அதுதான் உயிர். பல கடைகளில் ஏறும்போது 30க்கே மாற்றுகிறார்கள், இறங்கும்போது 60, 70 வரை காத்திருக்கிறார்கள். அல்லித்தெரு பார்த்த நாளில்கூட ஏற்றத்தில் நாலு ரூபாய் கூடுதல், இறக்கத்தில் பத்து ரூபாய் பாக்கி. ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு மாதம் பலகையைக் குறித்து வைத்தால் பழக்கம் தெரிந்துவிடும்.

சீட்டு விலைக்கு ஒரு கேள்வி. 30 நிமிடத்துக்குள் விலை இறங்கிவிட்டால்?

டெல்டாகடை | நவம்பர் 13, காலை 10:58

இறங்கிய விலையைத்தான் போடுவோம். பலகையில் குறைவாக இருக்கும்போது கூடுதலாகப் பில் போட்டால் வாடிக்கையாளர் முகத்தில் முழிக்க முடியாது. எங்களுக்கு நஷ்டம் வரும் வழிதான், அரை மணி என்பதால் தாங்கும். ஒரு மணி நேரம் தர முடியாது.

நாணயம்79 | நவம்பர் 13, காலை 11:20

40 ரூபாய் என்ற எல்லை எப்படி வந்தது? ஏன் 20 இல்லை?

டெல்டாகடை | நவம்பர் 13, பகல் 12:05

20க்கு மாற்றினால் நாளுக்கு ஐந்தாறு தடவை பலகையை அழிக்க வேண்டும். 80 வரை பொறுத்தால் எங்கள் கையிருப்பு தாங்காது. மூணு சவரன் நகையில் 40 என்றால் ஆயிரத்துச் சொச்சம், அதுவரை நாங்கள் ஏற்கலாம். வேறு கடைக்கு வேறு எல்லை இருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் இந்த எல்லை செல்லாது. சந்தை தாவும்போது கட்டி வியாபாரியே "இப்போ ரேட் இல்லை, அப்புறம் கூப்பிடுங்க" என்று போனை வைத்துவிடுவார். இல்லையென்றால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை அகலப்படுத்திவிடுவார். அந்த அரை மணி நேரம் எங்களிடம் நம்பத்தக்க விலையே இல்லை. சில கடைகள் அப்போது பில் போடுவதை நிறுத்திவிடும். நான் காலை விலையிலிருந்து ஒரு அளவு ஏற்றிப் போட்டுவிடுவேன். அது சரியா தப்பா என்று எனக்கே தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

பட்டறைவாசல் | நவம்பர் 13, பகல் 12:50

என் எண்ணம், அந்த நேரத்தில் நிறுத்திவிடுவதுதான் நல்லது. ஊகத்தில் ஏற்றிய விலையில் ஒருவர் வாங்கி, பத்து நிமிடத்தில் வியாபாரி குறைந்த விலை சொன்னால் வாடிக்கையாளருக்கு விளக்க எதுவும் இருக்காது. "விலை உறுதியாகும் வரை பில் இல்லை, எடுத்த நகையைத் தனியாக வைத்திருக்கிறோம்" என்று பலகையில் எழுதிவிடலாம்.

டெல்டாகடை | நவம்பர் 13, பிற்பகல் 1:15

முகூர்த்த நாளில் கடை நிறைய ஆள் இருக்கும்போது அதைச் செய்ய முடியாது. அடுத்த கடை திறந்திருக்கும்.

அல்லித்தெரு | நவம்பர் 13, மாலை 5:30

சீட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். நாலு மணி விலையைப் பற்றிப் பேசவே இல்லை, 12:22 சீட்டை மட்டும் காட்டினோம். முதலில் மறுத்தார்கள். நகையை எடுத்து வைத்தது அவர்கள் ஆள்தான் என்று அக்கா சொன்னதும் பெரியவர் வந்து பார்த்தார். பில் கணக்கில் ஏறிவிட்டதால் மாற்ற முடியாது, 2,136க்கு அடுத்த வாங்கலில் கழித்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ரூபாயாகத்தான் எழுதியிருக்கிறார், எடையாக இல்லை. எடையாகக் கேட்டிருக்க வேண்டுமா?

குறுக்குக்கணக்கு | நவம்பர் 13, மாலை 5:48

திரும்பி வர வேண்டியது ரூபாய்தான், ரூபாயாகவே இருக்கட்டும். கடைசித் தேதி ஏதாவது போட்டிருக்கிறாரா பாருங்கள். கையெழுத்தும் கடை முத்திரையும் வேண்டும்.